தகவல் பலகையின் அடிக்குறிப்பு: மூன்று வரிகளில் ஓர் எண்ணின் வரலாறு

வங்கிகளின் கைப்பேசிச் செயலிகளிலும் நிதி ஆலோசனைத் தளங்களிலும் ‘டாஷ்போர்டு’ எனப்படும் தகவல் பலகைகள் இன்று பரவலாகக் காணப்படுகின்றன. வைப்புத்தொகைக்கான வட்டி, பணவீக்கம், பரஸ்பர நிதியின் மதிப்பு, அந்நியச் செலாவணி விகிதம் ஆகியவை வரைபடங்களாகவும் எண்களாகவும் ஒரே திரையில் அமைந்திருக்கும். இவ்வெண்களில் பெரும்பாலானவை அந்தத் தளத்தின் சொந்த எண்கள் அல்ல. அரசு அலுவலகமோ வேறு அமைப்போ வெளியிட்டதை எடுத்து மறுபடியும் வெளியிடுவதே வழக்கம். இவ்வாறு மறுவெளியீடு செய்யப்படும் ஒவ்வொரு பலகையின் அடியிலும் மூன்று செய்திகள் தாமாகவே இடம்பெற வேண்டும் என்ற நடைமுறை தரவுத் துறையில் வலியுறுத்தப்படுகிறது. தரவு எங்கிருந்து வந்தது, எப்போது புதுப்பிக்கப்பட்டது, அதற்கு அறியப்பட்ட வரம்புகள் எவை என்பனவே அம்மூன்று.

சிறிய எழுத்தில் இருக்கும் இவ்வரிகளை நம்மில் பலர் படிப்பதில்லை. ஆனால் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இவ்வரிகளே சொல்கின்றன. சேமிப்பாளர் ஒவ்வொருவருக்கும் தொடர்புடைய பணவீக்க எண்ணையும், அந்த எண் 2020ஆம் ஆண்டில் சந்தித்த சோதனையையும் எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும்.

பணவீக்க எண் எவ்வாறு பிறக்கிறது?

நம் நாட்டில் சில்லறைப் பணவீக்கம் என்று செய்திகளில் கூறப்படுவது, நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஓராண்டில் எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதாகும். மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் கீழுள்ள தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட வரிசையில், நகரங்களில் 1114 சந்தைகளிலும் 1181 கிராமங்களிலும் விலைகளைச் சேகரிக்கும் ஏற்பாடு இருந்தது. களப்பணியாளர்கள் கடைகளுக்கு நேரில் சென்று விலைகளைக் கேட்டு எழுதுவார்கள். ஒரு மாதத்தின் விலை நிலவரம் அடுத்த மாதத்தின் 12ஆம் நாளில் வெளியாகும். அது விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில் வெளியாகும்.

முதலில் வெளியாவது தற்காலிக மதிப்பு. தாமதமாக வந்துசேர்ந்த விலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த மாத வெளியீட்டின்போது இறுதி மதிப்பைத் தருவார்கள். ஆகவே ஒரே மாதத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் தவறானது என்று இதற்குப் பொருளில்லை; அன்றைக்குக் கிடைத்த தரவைக் கொண்டு சொல்லக்கூடியது அதுவே.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதப் பணவீக்கத்தைப் பார்ப்போம். ஜூலை 13 அன்று வெளியான தற்காலிக மதிப்பு 6.09 விழுக்காடு. அடுத்த மாத வெளியீட்டில் அதே ஜூன் மாதத்துக்கான மதிப்பு 6.23 விழுக்காடாகத் திருத்தப்பட்டது. வேறுபாடு சிறியதுதான். ஆனால் வைப்புத்தொகையின் உண்மைப் பலனைக் கணக்கிடுபவருக்கு அது கணக்கின் முடிவையே மாற்றிவிடக்கூடும்.

ஒருவர் 2019 ஜூனில் ஒரு இலட்சம் ரூபாயை ஓராண்டு வைப்பில் இட்டார் என்றும், அதற்கு ஆண்டு வட்டி 6.2 விழுக்காடு என்றும் கொள்வோம். 2020 ஜூனில் அவருக்கு 6,200 ரூபாய் வட்டி கிடைத்திருக்கும். அதே ஓராண்டில் ஒரு இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருள்களின் விலை, தற்காலிக எண்ணின்படி 6,090 ரூபாய் உயர்ந்திருந்தது. வரியைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவருடைய சேமிப்பு விலையேற்றத்தை 110 ரூபாயால் வென்றது. திருத்தப்பட்ட எண்ணின்படி விலை உயர்வு 6,230 ரூபாய். இப்போது அவருக்கு 30 ரூபாய் குறைவு. வைப்பும் வட்டியும் மாதமும் மாறவில்லை. மிச்சம் மட்டும் பற்றாக்குறையாகிவிட்டது.

ஜூலை இறுதியில் ஒரு பலகையில் 6.09 என்று பார்த்தவரும், ஆகஸ்ட் இறுதியில் வேறொரு பலகையில் 6.23 என்று பார்த்தவரும், இரண்டில் ஒன்று பிழையானது என்றே எண்ணுவர். எது எந்த நாளில் எந்த வெளியீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அடியில் இருந்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

கடைகள் மூடிய மாதங்கள்

தற்காலிக மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுதோறும் நிகழ்வது. 2020இல் அதைவிடப் பெரியதொரு சிக்கல் எழுந்தது. கொரோனா பெருந்தொற்று காரணமாக மார்ச் 19 முதல் விலை சேகரிக்கும் களப்பணி நிறுத்தப்பட்டது. மார்ச் மாதக் குறியீட்டெண், வழக்கமாகக் கிடைக்கும் விலைகளில் ஏறத்தாழ 66 விழுக்காட்டை மட்டுமே கொண்டு கணக்கிடப்பட்டது. ஏப்ரலில் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவியதால் பல பொருள்கள் விற்பனைக்கே வரவில்லை. விற்கப்படாத பொருளுக்கு விலையும் இல்லை. எனவே ஏப்ரல் மாதத்துக்கான ஒட்டுமொத்தப் பணவீக்க எண்ணை அலுவலகம் மே 12 அன்று வெளியிடவில்லை. போதிய தரவு கிடைத்த சில பிரிவுகளின் எண்களை மட்டும் தந்தது.

ஜூலையில் ஜூன் மாத எண்ணை வெளியிட்டபோது, விடுபட்ட ஏப்ரல், மே மாதங்களுக்கும் எண்கள் தரப்பட்டன. ஏப்ரலுக்கு 7.22 விழுக்காடு, மே மாதத்துக்கு 6.27 விழுக்காடு. ஆனால் இவை மற்ற மாதங்களைப் போல நேரில் சேகரித்த விலைகளை முழுமையாகக் கொண்டு அமைந்தவை அல்ல. கிடைத்த பொருள்களின் விலைப் போக்கைக் கொண்டு, கிடைக்காதவற்றின் விலையை மதிப்பிட்டு நிரப்பியவை. இம்முறை உலக அளவில் வகுக்கப்பட்ட வழிகாட்டுதலைப் பின்பற்றியது. அலுவலகமும் அதை மறைக்கவில்லை. தன் வெளியீட்டிலேயே தெளிவாகக் கூறியிருந்தது.

இந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவே சான்று. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் நிறுத்துவதும், அது இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் வரை கூடவோ குறையவோ விடுவதும் அக்குழுவின் இலக்கு. சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டைத் தாண்டினால் அது இலக்கு தவறியதாகக் கொள்ளப்படும். அப்போது ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். 2020இன் முதல் மூன்று காலாண்டுகளிலும், வெளியான எண்களை அப்படியே கூட்டிச் சராசரி பார்த்தால், 6 விழுக்காட்டுக்கு மேலேதான் வருகிறது. ஆனால் பணக் கொள்கையைப் பொறுத்தவரை, மதிப்பிட்டு நிரப்பிய ஏப்ரல், மே எண்களை அந்த வரிசையில் ஏற்பட்ட ஒரு முறிவாகக் கருதலாம் என்று குழு 2020 ஆகஸ்டில் அறிவித்தது. முறிவு என்று கொண்டால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டை முழுமையான காலாண்டாக எண்ண இயலாது. ரிசர்வ் வங்கி அத்தகைய விளக்கத்தை முதன்முறையாக எழுத நேர்ந்தது 2022இல்தான்.

நாட்டின் மத்திய வங்கி தனியே ஒதுக்கி வைத்த இரண்டு எண்கள், சாதாரணமான ஒரு தகவல் பலகையில் எவ்வாறு தோன்றும்? மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையே, மற்றப் புள்ளிகளைப் போலவே அதே நிறத்தில், அதே கோட்டில் இரண்டு புள்ளிகளாகத் தோன்றும். மூல வெளியீட்டில் எழுத்தாக இருந்த எச்சரிக்கை, எண்கள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டபோது அங்கேயே தங்கிவிட்டது. மறுவெளியீட்டில் முதலில் தொலைவது பெரும்பாலும் இந்த எச்சரிக்கைதான்.

ஒரு நல்ல அடிக்குறிப்பு

2020 ஜூலை 14 காலையில் ஒரு பலகை இந்தப் பணவீக்க வரைபடத்தை மறுவெளியீடு செய்திருந்தால், அதன் அடிக்குறிப்பு பின்வருமாறு அமைந்திருக்கலாம்.

*தரவு மூலம்:* நுகர்வோர் விலைக் குறியீட்டெண், அகில இந்தியா, கிராமமும் நகரமும் இணைந்தது, அடிப்படை ஆண்டு 2012. வெளியிட்டது: தேசியப் புள்ளியியல் அலுவலகம், 13-07-2020.

*காலம்:* கடைசி எண் ஜூன் 2020க்கு உரியது, தற்காலிக மதிப்பு. இப்பலகை புதுப்பிக்கப்பட்டது 14-07-2020, காலை 6.00 மணி.

*அறியப்பட்ட வரம்புகள்:* ஏப்ரல், மே 2020 எண்கள் மதிப்பிட்டு நிரப்பப்பட்டவை. மார்ச் 2020 எண் குறைந்த அளவு விலைகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஜூன் எண் அடுத்த வெளியீட்டில் திருத்தப்படலாம்.

முதல் வரியில் அலுவலகத்தின் பெயர் மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே அலுவலகம் கிராமங்களுக்குத் தனியாகவும் நகரங்களுக்குத் தனியாகவும் மாநில வாரியாகவும் எண்களைத் தருகிறது. எந்த வரிசை என்று சொல்லாமல் ‘மூலம்: மத்திய அரசு’ என்று மட்டும் எழுதினால், அதைக் கொண்டு யாரும் மூல எண்ணைத் தேடிப்பிடித்துச் சரிபார்க்க முடியாது. அடிப்படை ஆண்டும் இன்றியமையாதது. அது மாறும்போது பொருள்களுக்குத் தரப்படும் எடையும் மாறும். 2012 வரிசையில் உணவு மற்றும் பானங்களின் எடை நூற்றுக்கு 45.86 ஆக இருந்தது. அடிப்படை மாறிய இரண்டு வரிசைகளை ஒரே கோடாக இணைத்தால், விலையில் நேராத மாற்றங்களும் கோட்டில் தெரியும்.

இரண்டாம் வரியில் இரண்டு காலங்கள் உள்ளன. எண் எந்த மாதத்துக்கு உரியது என்பது ஒன்று. பலகை எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதே வாசகர்களிடையே மிகுதியாக ஏற்படும் குழப்பம். பரஸ்பர நிதிகளிலும் இதைக் காணலாம். பங்கு சார்ந்த நிதி ஒன்றின் ஓர் அலகின் மதிப்பு, பங்குச் சந்தை முடிந்தபின் கணக்கிடப்பட்டு அன்றிரவு வெளியாகிறது. திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று செயலி காட்டினாலும், அதில் உள்ள மதிப்பு வெள்ளிக்கிழமைக்கு உரியதாகவே இருக்கும். புதுப்பிப்பு இன்றைக்கு நடந்திருக்கிறது. மதிப்பு மூன்று நாள் பழையது. இரண்டையும் எழுதினால்தான் வாசகருக்கு உண்மை விளங்கும்.

மூன்றாம் வரி ஒரு பொறுப்புத் துறப்பு அன்று. ‘தரவில் பிழைகள் இருக்கலாம், நிறுவனம் பொறுப்பேற்காது’ என்ற வாக்கியம் எந்தப் பலகைக்கும் பொருந்தும். அதனாலேயே அது எதையும் தெரிவிப்பதில்லை. உண்மையான வரம்பு, எந்த எண்ணில் என்ன குறை, அக்குறை ஏன் ஏற்பட்டது என்பதைச் சொல்லும். அது இன்னதென்று மறுவெளியீடு செய்பவர் கற்பனை செய்யவும் தேவையில்லை. தரவை முதலில் வெளியிட்டவர் எழுதி வைத்ததைச் சுருக்கித் தந்தாலே போதும்.

கையால் எழுதாமல் தானாக அமைவது ஏன்?

இக்குறிப்பை ஓர் ஊழியர் தட்டச்சு செய்து வைத்தால் முதல் மாதம் சரியாக இருக்கும். அடுத்த மாதம் எண் தானாக மாறிவிடும். குறிப்பு பழையபடியே நிற்கும். சில மாதங்களில் ‘தற்காலிக மதிப்பு’ என்ற சொல் இறுதி மதிப்பின் கீழும், பழைய வெளியீட்டு நாள் புதிய எண்ணின் கீழும் இருக்கக் காணலாம். குறிப்பே இல்லாத பலகையைவிடத் தவறான குறிப்புள்ள பலகை தீங்கானது. முன்னதைப் படிப்பவருக்கு ஐயமாவது எழும். பின்னது அந்த ஐயத்தையும் போக்கிவிடும்.

ஆகவே குறிப்பைத் தரவோடு பிணைத்து வைப்பதே சரியான முறை. தரவைப் பெறும் மென்பொருள், ஒவ்வொரு எண்ணுடனும் ஒரு விவரச் சீட்டைச் சேமிக்கிறது. வரிசையின் பெயர், வெளியிட்டவர், வெளியான நாள், எண்ணுக்குரிய மாதம், தரவு பெறப்பட்ட நேரம், எண்ணின் நிலை ஆகியவை அதில் இருக்கும். நிலை என்பது தற்காலிகம், இறுதி, மதிப்பிட்டு நிரப்பியது என்னும் மூன்றில் ஒன்று. பலகையை மறுவெளியீடு செய்யும் ஒவ்வொரு முறையும், திரையில் இருக்கும் எண்களின் சீட்டுகளைப் படித்து மென்பொருளே அடிக்குறிப்பை அமைக்கிறது. சீட்டு இல்லாத எண் இருந்தால் பலகை வெளியாகாமல் நிறுத்திவைக்கப்பட வேண்டும். இந்தக் கண்டிப்பு இல்லாத இடத்தில், அவசரமான நாள்களில் குறிப்பு மெல்ல மறைந்துவிடும்.

வரம்புகளைக் கூறும் வரிக்கு மேலும் நுட்பம் தேவை. வரைபடம் 2023 முதல் 2025 வரையிலான காலத்தை மட்டும் காட்டினால், 2020ஐப் பற்றிய எச்சரிக்கைக்கு அங்கு வேலையில்லை. வேண்டாத எச்சரிக்கைகள் பெருகினால் வேண்டியதையும் யாரும் படிக்கமாட்டார்கள். மாறாக, 2021 ஏப்ரல், மே மாதங்கள் திரையில் இருந்தால் எச்சரிக்கை கட்டாயம் தோன்ற வேண்டும். 2021 ஏப்ரலில் விலைகள் நேரில் சேகரிக்கப்பட்டிருந்தாலும், அம்மாதப் பணவீக்கம் என்பது 2020 ஏப்ரல் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டுக் கிடைத்தது. ஒப்பிடப்பட்ட எண் மதிப்பிட்டு நிரப்பியது என்பதால், அதன் ஐயப்பாடு ஓராண்டு கழித்தும் தொடர்கிறது. கையால் குறிப்பெழுதுபவர் இதை எளிதில் மறந்துவிடுவார். கணக்கீட்டில் பங்கேற்ற எல்லா எண்களின் சீட்டுகளையும் பார்க்கும்படி விதி எழுதப்பட்ட மென்பொருள் மறப்பதில்லை.

தானியங்கிக் குறிப்பும் ஏமாற்றும் இடம்

தானாக அமைவதாலேயே ஒரு குறிப்பு சரியாகிவிடாது. அடிக்கடி காணப்படும் கோளாறு புதுப்பிப்பு நேரத்தில் நேர்கிறது. பலகையைத் திறக்கும் நேரத்தையோ, மென்பொருள் இயங்கிய நேரத்தையோ புதுப்பிப்பு நேரமாகக் காட்டும்படி சில பலகைகள் அமைக்கப்பட்டுவிடுகின்றன. மூலத் தளத்தின் முகவரி மாறி, தரவு வருவதே நின்றுபோனாலும் அந்நேரம் நாள்தோறும் முன்னேறிக்கொண்டே இருக்கும். குறிப்பு புதியது போலத் தெரியும். எண் மாதக்கணக்கில் நகர்ந்திருக்காது. தரவு கடைசியாக வெற்றிகரமாகப் பெறப்பட்ட நேரத்தைக் காட்டுவதே இதற்குத் தீர்வு.

வாசகரும் இதை எளிதில் கண்டறியலாம். பணவீக்க எண் மாதத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டாம் நாளை ஒட்டி வெளியாகிறது. ஆகவே ஒரு மாதத்தின் 20ஆம் நாளில் பார்க்கும் பலகையில் முந்தைய மாதத்தின் எண் இருக்க வேண்டும். புதுப்பிப்பு நேரம் இன்றைய தேதியாகவும், கடைசி எண் அதற்கும் முந்தைய மாதத்துடையதாகவும் இருந்தால், தரவு வரும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பல மூலங்களிலிருந்து வரும் எண்கள் ஒரே பலகையில் இருந்தால் மற்றொரு சிக்கல் எழும். வட்டி விகிதம் இன்றையதாகவும் பணவீக்கம் சென்ற மாதத்துடையதாகவும் இருக்க, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து உண்மை வட்டி என்று பலகை காட்டக்கூடும். அந்த விடையின் வயது, அதில் பங்கேற்ற எண்களில் மிகப் பழையது எதுவோ அதன் வயதுதான். புதியதன் நேரத்தை மட்டும் காட்டும் குறிப்பு விடையை இளமையாகக் காட்டிவிடும்.

படமாக எடுத்துப் பகிர்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வரைபடங்கள் பெரும்பாலும் திரைப்படப்பிடிப்பின் ஒரு துண்டாகவே வருகின்றன, அடிப்பகுதி வெட்டப்பட்டிருக்கும். அடிக்குறிப்பை வரைபடத்துக்கு வெளியே வைக்காமல், படத்தின் உள்ளேயே அச்சின் கீழ் பொருத்தினால் அது எளிதில் விடுபடாது. குறிப்பில்லாமல் வந்த படத்தை வைத்துப் பண முடிவு எடுக்க நேர்ந்தால், அதன் மூலப் பலகையைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அடிக்குறிப்பு சொல்லாதது

நல்ல அடிக்குறிப்பும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. நாட்டின் சராசரிக் குடும்பத்துக்கான விலையேற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்று அது சொல்லும். மருந்துக்கும் மருத்துவத்துக்கும் வருவாயில் பெரும்பகுதியைச் செலவிடும் முதியவரின் வீட்டில் விலையேற்றம் எவ்வளவு என்று அதனால் சொல்ல இயலாது. அவருடைய செலவுக் கணக்கே அதற்கு மூலம்.

வைப்புத்தொகை முதிர்வடைந்து, அதைப் புதுப்பிப்பதா வேறிடத்தில் இடுவதா என்று எண்ணும்போது பணவீக்க வரைபடம் ஒன்றைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் எந்த வரிசை என்று பார்க்க வேண்டும். அடுத்து, கடைசி எண் எந்த மாதத்துக்கு உரியது, தற்காலிகமா இறுதியா என்று பார்க்க வேண்டும். பிறகு வரம்புகளின் வரி, நாம் ஒப்பிடும் மாதத்தையோ அதற்கு ஓராண்டு முந்தைய மாதத்தையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டிக்கும் பணவீக்கத்துக்கும் இடைவெளி ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், ஜூன் 2020இல் நேர்ந்தது போன்ற சிறு திருத்தம் நம் முடிவை அசைக்காது. இடைவெளி கால் விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்து, எண்ணும் தற்காலிகமானதாக இருந்தால், அவசரம் இல்லாதவர்கள் அடுத்த மாதம் 12ஆம் நாளுக்குப் பின் அதே பலகையை மற்றொரு முறை திறந்து பார்ப்பது பயனுடையது.